வாயு நிரப்புபவரின் விண்ணப்பம்

பிள்ளைகளே, போன வருடம் பள்ளி விடுமுறை தொடங்கிய கிழமையில் ஒரு நாள் உங்கள் இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்று ஐஸ் பக்டரிக்குப் போனேன், நினைவிருக்கிறதா? அங்கே நான் ஒவ்வொரு மெசினுக்கும் முன்னால் குந்தியிருந்து போனில் படம் பிடித்தேன். "அப்பா மெசினைப் பொம்பிளை பாக்கிறார்" என்று மகள் சொன்னாள். மகன் சிரித்துச் சிரித்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழப் பார்த்தான். ஏன் படம் பிடித்தேன் என்று அன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். இப்போது எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது பதினோராம் ஆண்டுச் சாதாரண தரம் வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள்ளட்டும்.

அந்த ஐஸ் பக்டரியில் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். அதற்கு முதல் ஆறு வருடம் இணுவிலில் ஒரு பிரிட்ஜ் திருத்தும் கடையில் இருந்தேன். பக்டரி முதலாளி நல்ல மனிதர். ஆனால் மெசின் எல்லாம் பழையது, கரன்ட் பில்லுக்கே ஐஸ் விற்ற காசு போய்விடுகிறது. இந்தப் பருவத்தோடு நிறுத்தப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நான் விட்டு முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பாஸ்போட் அலுமாரிக்குள் இருந்து வெளியே வந்தது. அது என்னுடையது. மேசையில் உங்கள் பள்ளிக் கொப்பிகளுக்குப் பக்கத்தில் கிழமைக் கணக்காகக் கிடந்தது. கட்டாரில் ஏசி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கொழும்பு ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். மூன்று வருடக் கொந்தராத்து. உங்கள் அம்மா போங்கோ என்றும் சொல்லவில்லை, போகாதேங்கோ என்றும் சொல்லவில்லை. மேசை துடைக்கும்போது பாஸ்போட்டைத் தூக்கி, துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைப்பார். அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. கொழும்புக் கொம்பனி ஒன்று பருத்தித்துறைப் பக்கம் மீன் பதப்படுத்துகிற இடம் கட்டிக்கொண்டிருந்தது. பெரிய குளிர் அறைகள். அதைப் பார்க்க ஒரு ரெக்னீசியன் தேவை. ஒரேயொரு இடம். பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய வேலை. விண்ணப்பத்தை இன்ரர்நெற்றில் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது.

எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. அதனால் முதலில் தமிழில் எழுதி, பிறகு மொழிபெயர்க்கக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு இரண்டு காலைகள் இருந்து எழுதினேன். இங்கேதான் முதல் பிழை விட்டேன், ஆனால் அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் காலத்தில் கட்டுரையில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் வாத்தியார் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குப் பயந்த கை இது. வேலைத்தலத்தில் நாங்கள் "காஸ் அடிக்கிறது" என்போம். அதை எழுதக் கை வரவில்லை. "வாயு நிரப்புதல்" என்று எழுதினேன். "பிரேசிங்" என்பதை "குழாய் ஒட்டுதல்" ஆக்கினேன். கொம்பிரசர் "அமுக்கி" ஆனது. அதை ஓவர்ஹோல் பண்ணுவது "அமுக்கியைப் பிரித்துச் சேர்த்தல்" ஆனது. ஐஸ் பக்டரியின் முழு பிளான்டையும் "குளிர் இயந்திரம்" என்று இரண்டு சொல்லில் முடித்தேன். மெசின் அறைக் கதவிலும் வருடங்களுக்கு முதல் நானேதான் நீலப் பெயின்டால் "நச்சு வாயு. உள்ளே வராதீர்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கையெழுத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

இன்னொன்றும் செய்தேன். பிரிட்ஜ் கடையில் பாஸ் இருந்தார், ஐஸ் பக்டரியில் முதலாளி இருந்தார். "நான் செய்தேன்" என்று எழுதினால் அவர்களை மதிக்காதது போலத் தோன்றியது. ஆகவே எல்லா இடத்திலும் "உதவியாக நின்றேன்", "கூட இருந்து செய்தேன்" என்றே எழுதினேன். பக்டரியில் கடைசி எட்டு வருடமும் மெசின் அறைக்குள் நான் மட்டும்தான். யாருக்குக் கூட இருந்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே தெரியவில்லை.

அம்மா வாசித்துப் பார்த்தார்.

"என்னப்பா, வேலைக்குக் கடிதமோ, கலியாணக் காட்டோ?"

"ஏன், வடிவாத்தானே கிடக்கு?"

"வடிவுதான். முகூர்த்த நேரத்தை மட்டும் காணேல்லை."

உரும்பிராய்ச் சந்தியில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கும் அந்தத் தங்கச்சியை உங்களுக்குத் தெரியும். மகனின் பிறப்புச் சான்றிதழைப் போட்டோக் கொப்பி எடுக்கப் போனோமே, அந்தக் கடை. அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவு, காணி உறுதி எல்லாம் அவரிடம்தான் வரும். அவர் முத்திரை குத்திய ஒரு பேப்பரையும் இதுவரை எந்த எம்பசியும் திருப்பி அனுப்பியது இல்லை. அதை அவர் சொல்லமாட்டார், ஊர் சொல்லும்.

நான் கொடுத்ததை அவர் ஒரு நாளில் முடித்தார். பிறப்புச் சான்றிதழைப் போலவே சுற்றிவரக் கோடு போட்டு, நடுவே கோடு போட்டு, கட்டம் கட்டமாக இருந்தது. தகப்பன் பெயர், தாயின் பெயர், சமயம், பிறந்த இடம் எல்லாம் முதல் பக்கத்தில். வேலை விபரம் இரண்டாம் பக்கத்தின் கீழே. அடியில் முத்திரையும் கையெழுத்தும். அதை ஸ்கான் பண்ணி அவரே கொம்பனியின் இன்ரர்நெற் பக்கத்தில் ஏற்றிவிட்டார். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் முத்திரையைப் பார்த்ததும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது போல இருந்தது.

நாலாம் நாள் போனுக்கு ஒரு தகவல் வந்தது. தங்கச்சிதான் வாசித்துச் சொன்னார். இம்முறை உங்களைத் தெரிவு செய்ய முடியவில்லை, நன்றி. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாள் இருக்கும்போதே இல்லை என்கிறார்களே என்று எனக்கு விளங்கவில்லை. விளம்பரத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதற்குப் போன் எடுத்தேன்.

கொழும்புத் தமிழில் ஒரு பிள்ளை கதைத்தார். நான் ஊரைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், பதினெட்டு வருடம் இந்த வேலைதான் செய்கிறேன் என்று சொன்னேன்.

"இருங்க அண்ணா, தேடிப் பார்க்கிறேன்," என்றார். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "ஆ, இருக்கு. ஆனா அண்ணா, உங்கட வேலை விபரச் சீவி எழுத்தா இல்ல. படமா இருக்கு. ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கீங்க."

"ஓம், முத்திரை குத்தினதாலை..."

"முத்திரை எல்லாம் தேவையில்ல அண்ணா. எங்களுக்கு நூத்துக்கணக்கில வருது. எல்லாத்தையும் உட்கார்ந்து வாசிக்க ஏலாது. கொம்பியூட்டர்ல சொல்லுப் போட்டுத் தேடுவோம். ரெஃப்ரிஜரேஷன், அமோனியா, கொம்பிரசர் ஓவர்ஹோல், அப்படி. அந்தச் சொல்லு இருக்கிற சீவிதான் மேல வரும். அதை எடுத்துத்தான் வாசிப்போம். உங்கடது படம்தானே, ஒரு சொல்லும் மாட்டாது."

"அப்ப எழுத்தா அனுப்பினால்?"

"இருங்க, நான் இப்ப வாசிச்சுப் பார்க்கிறேன்." மறுபடியும் தட்டுகிற சத்தம். பிறகு அவருடைய குரல் மாறியது. சிரிப்பை அடக்குகிற குரல். "அண்ணா, கோவிக்காதீங்க. நீங்க காஸ் சிலிண்டர் நிரப்புற இடத்திலயா வேலை?"

"இல்லைப் பிள்ளை. ஐஸ் பக்டரி."

"இதில காஸ் நிரப்பினேன்னு இருக்கு. குழாய்க்குப் பசை ஒட்டினேன்னு இருக்கு. திரி கொளுத்திக் காஸ் கசியுதான்னு பார்த்தேன்னும் இருக்கு. அண்ணா, காஸ் கசியிற இடத்தில நெருப்பு வச்சா பார்ப்பீங்க?"

பிள்ளைகளே, ரோட்டோரத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது கந்தகத் திரி. அமோனியா எங்கேயாவது கசிந்தால் அந்தத் திரியின் புகை அந்த இடத்தில் வெள்ளையாகத் திரளும். அப்படித்தான் கசிவைப் பிடிப்போம். ஆனால் அமோனியா என்று நான் எங்கேயுமே எழுதவில்லை. வாயு, வாயு என்றே எழுதியிருந்தேன்.

"ரெஃப்ரிஜரேஷன்கிற சொல் இதில ஒரு இடத்திலயும் இல்ல அண்ணா," என்றார் அந்தப் பிள்ளை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் திருப்பி ஏத்தலாம். கடைசியா ஏத்தினதைத்தான் எடுப்போம்."

நேரே சந்திக் கடைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. தங்கச்சி யாருக்கோ விவாகப் பதிவு அடித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் சுருங்கியது.

"அண்ணை, நீங்கள் எழுதினதைத்தானே நான் எழுதினன்? ஒரு சொல்லு கூட்டேல்லை, ஒரு சொல்லு குறைக்கேல்லை."

"அதுதான் பிழை எண்டு சொல்லுறன்."

"எப்பிடிப் பிழை? நான் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டால் முத்திரை குத்தேலாது. சத்தியம் பண்ணின ஆள் நான். உங்கடை மகன் பிறந்த ஊரை மாத்தி, இது வடிவாக் கிடக்கெண்டு எழுதினால் விடுவியளோ?"

அவர் சொன்னது சரிதான். அவர் தொழிலில் அது சரி. நான் குழாய் என்று எழுதினால் அவர் குழாய் என்று எழுதத்தான் வேண்டும். அது செம்புக் குழாயா, இரும்புக் குழாயா, எதனால் ஒட்டினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் விவாகப் பதிவின் மிச்சத்தை அடித்து முடித்தார். பிறகு அவரே கேட்டார்.

"இதுக்கு முத்திரை வேண்டாம் எண்டோ சொன்னவை?"

"ஓம். தேவையில்லையாம்."

முத்திரையைத் தூக்கி மேசை லாச்சிக்குள் போட்டார். "அப்ப நான் வேறை மாதிரி வேலை செய்யலாம். நீங்கள் இனி எழுதாதேங்கோ அண்ணை. கதையுங்கோ. மெசின் அறைக்குள்ளை என்ன கதைப்பியளோ, அதே வாயாலை."

நான் கதைத்தேன். வெட்கமாக இருந்தது. முதலில் பழைய காஸை எடுப்போம், லைனை வக்யூம் பண்ணுவோம், வக்யூம் நிக்குதோ எண்டு பாப்போம், பிறகு காஸ் அடிப்போம் என்று சொல்லி, அவருடைய போட்டோக் கொப்பி மெசினைக் கொம்பிரசராக்கி, ஸ்டேப்ளரை வால்வ் ஆக்கிக் காட்டினேன். போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒரு ஐயா, "தம்பி, உது என்ன நாடகம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தங்கச்சி தன் கொம்பியூட்டரில் "காஸ் ஃபில்லிங்" என்று ஆங்கிலத்தில் அடித்துப் படங்களைத் தேடிக் காட்டினார். திரை முழுக்கச் சமையல் காஸ் சிலிண்டர்கள், வரிசையாக. "இஞ்சை பாருங்கோ அண்ணை. கொம்பனிக்காரர் உங்களை இப்பிடித்தான் கண்டவை." பிறகு "ரெஃப்ரிஜரன்ட் சார்ஜிங்" என்று அடித்தார். கேஜ் மனிபோல்ட், சிவப்பு நீல ஹோஸ், தராசில் வைத்த காஸ் போத்தல். என் கை திரையைத் தொட்டது. "உதுதான். உதுதான் நான்."

"இது உங்கடை வாயாலைதான் வந்தது அண்ணை. எழுத்தாலை வரேல்லை."

ஆனால் மிச்சச் சொற்கள்? சிலதை நான் சொல்லும் விதம் வேறு, ஆங்கிலத்தில் எழுதும் விதம் வேறு. பாஸ் எப்படிச் சொன்னாரோ அப்படித்தான் என் காதில் இருந்தது. தங்கச்சி ஊகித்து எழுத மறுத்துவிட்டார். "மெசினிலை எங்கையாவது அச்சடிச்சுக் கிடக்குமே? புத்தகம் ஏதும்?"

அதற்காகத்தான் பிள்ளைகளே அடுத்த நாள் உங்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்தேன். கொம்பிரசரின் பெயர்த்தகடு, கண்டென்சரின் தகடு, அமோனியா இருக்கும் றிசீவர் தாங்கியின் தகடு. அலுமாரி மூலையில் எண்ணெய் ஊறிக் கிடந்த கையேட்டில் பராமரிப்புப் பகுதியைப் பக்கம் பக்கமாகப் பிடித்தேன். பன்னிரண்டு வருடம் படத்தை மட்டும் பார்த்துத் திருத்திய புத்தகம் அது. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

திரும்ப வந்து தங்கச்சியும் நானும் எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மேசையின் ஒரு பக்கம் விளம்பரம், மறுபக்கம் கையேட்டுப் படங்கள், நடுவில் நான். விளம்பரத்தில் உள்ள ஒரு சொல்லை அவர் வாசிப்பார். கையேட்டில் அதைத் தேடுவோம். அது என்ன என்று விளங்கியதும், அந்த வேலையை நான் எங்கே, எப்போது செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் எழுதுவார். விளம்பரத்தில் எப்படி எழுதியிருந்ததோ அதே சொல்லால் எழுதுவார். சுருக்கி எழுதுகிற சொல்லாக இருந்தால் சுருக்கத்தையும் முழுச் சொல்லையும் சேர்த்துப் போடுவார். தேடுகிறவர் எதைப் போட்டுத் தேடுவார் என்று எங்களுக்குத் தெரியாதே.

"பிரேசிங்?"

"இணுவிலிலை ஆறு வருசம். செம்புக் குழாய்க்கு."

"ஐஸ் பக்டரியிலை?"

"அங்கை இல்லை. அமோனியாவுக்குச் செம்பு ஆகாது தங்கச்சி, அரிச்சுப் போடும். அங்கை இரும்புக் குழாய், வெல்டிங்."

"அப்ப ரண்டையும் ரண்டு இடத்திலை போடுவம். பாத்தியளே, நீங்கள் ரண்டையும் 'ஒட்டுதல்' எண்டு எழுதினனியள்."

கந்தகத் திரி "சல்பர் ஸ்டிக்" ஆகி, அமோனியாக் கசிவு கண்டுபிடித்தல் என்ற வரிக்குள் போய் உட்கார்ந்தது. "உதவியாக நின்றேன்" என்று இருந்த இடத்துக்கு வந்ததும் பேனையால் தட்டினார்.

"ஆருக்கு உதவி?"

"முதலாளிக்கு."

"முதலாளி கொம்பிரசர் கழட்டுவாரோ?"

"அந்தாள் வாசலுக்கு இஞ்சாலை வராது. மணம் ஒத்துவராது."

"அப்ப நீங்கள்தானே செய்தனியள்." எழுதிவிட்டார். நான் தடுக்கவில்லை, ஆனால் காது சூடானது.

இணுவிலுக்குப் போகுமுன் நான் எடுத்த தொழிற்பயிற்சிச் சான்றிதழின் பெயரை முதல் முறை அவர் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குத் தன் சொல்லால் மாற்றியிருந்தார். இந்த முறை சான்றிதழையே கொண்டுவரச் சொன்னார். அதில் ஆங்கிலத்திலும் பெயர் அச்சடித்திருந்தது. அதையே எழுத்து மாறாமல் போட்டார்.

பிறகு விளம்பரத்தின் கடைசி வரிக்கு வந்தோம். புது மெசின்களைக் கொம்பியூட்டர் மாதிரி ஒரு பெட்டி ஓட்டும், பி.எல்.சி. என்று சொல்வார்கள். அதில் அனுபவம் விரும்பத்தக்கது என்று இருந்தது.

"இது?"

"கேள்விப்பட்டிருக்கிறன். தொட்டதில்லை."

தங்கச்சி பேனையை வைத்தார். "அண்ணை, நான் சொல்லக்கூடாது. ஆனால் இந்தச் சொல்லையும் போட்டுத் தேடுவினம். போட்டால் மேலை வருவியள். போடாட்டில் கீழை போவியள். ஒரு இடம்தான் இருக்கு."

ஒரு இடம்தான். மேசையில் கிடக்கும் பாஸ்போட் என் கண்ணுக்குள் வந்தது. உங்கள் இரண்டு பேரின் கொப்பிகளும் வந்தன. போட்டுவிடலாம் என்று நினைத்தேன் பிள்ளைகளே, அதை உங்களுக்கு ஒளிக்க மாட்டேன். ஒரு சொல்தானே, வேலைக்குப் போன பிறகு பழகிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் இந்த வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தெரியாத வால்வைத் தெரியும் என்று சொல்லித் திருகக்கூடாது. தெரியாது என்று சொன்னால் மற்றவன் வந்து காட்டுவான். தெரியும் என்று சொன்னால் எல்லோரும் உன்னை நம்பி உள்ளே நிற்பார்கள். அமோனியா அறைக்குள் அப்படி நம்பி நின்ற ஒருவரை ஒரு முறை நான் தூக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அவர் பிழைத்தார், ஆனால் கண் பழையபடி வரவில்லை.

"வேண்டாம் தங்கச்சி. விடுங்கோ."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான். நான் செய்யாததை எழுதினால், பிறகு உங்கடை முத்திரைக்கும் மரியாதை இல்லை."

"முத்திரைதான் லாச்சிக்குள்ளை கிடக்கே," என்று சிரித்தார். ஆனால் அந்த வரியைத் தொடவில்லை.

முடிந்தபோது ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. கோடு இல்லை, கட்டம் இல்லை, படம் இல்லை. சமயமும் தகப்பன் பெயரும் போய்விட்டன. முதல் வரியிலேயே ரெஃப்ரிஜரேஷன் ரெக்னீசியன், அமோனியாவும் பிரிட்ஜ் காஸான ஃப்ரியனும், பதினெட்டு வருடம். ஸ்கான் பண்ணாமல், எழுத்தாகவே சேமித்தார். சேமித்த கோப்பைத் திறந்து ஒரு வரியை மவுசால் பிடித்து இழுத்துக் காட்டினார். எழுத்து நீலமாகத் தெரிந்தது. "இப்பிடிப் பிடிபட்டால் கொம்பியூட்டரும் வாசிக்கும் அண்ணை. முந்தினது பிடிபடாது, படம்." பிறகு தேடுகிற பெட்டியில் அமோனியா என்று அடித்தார். ஐந்து இடத்தில் மஞ்சள் பூத்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஏற்றினோம்.

முதல் முறை மாதிரி வேலை கிடைத்துவிட்டதாகத் தோன்றவில்லை. முத்திரை இல்லாத பேப்பர் எனக்கு வெறுமையாக இருந்தது. ஆனால் தங்கச்சி அதைத் திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டியபோது, என்னை எனக்கே யாரோ அறிமுகம் செய்கிற மாதிரி இருந்தது. இந்த ஆளை நான் வேலைக்கு எடுப்பேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமையே கூப்பிட்டார்கள். அதே கொழும்புப் பிள்ளைதான். "அண்ணா, இந்த முறை தேடினதும் வந்துட்டீங்க," என்றார். "திரி இப்பதான் விளங்கிச்சு."

நேர்முகத்துக்குப் பருத்தித்துறையில் அரைவாசி கட்டிய கட்டடத்துக்குப் போனேன். சிங்கள எஞ்சினியர் ஒருவர், தலைக்கு மஞ்சள் தொப்பி, தமிழ் கொஞ்சம் தெரியும். ஆங்கிலச் சொற்களைத்தான் போட்டுக் கேட்டார். இவாகுவேஷன் (எங்கள் வக்யூம்தான்) எவ்வளவு நேரம் பிடிப்பாய், ஓயில் ட்ரெயின் (எண்ணெய் வடிப்பது) எப்படிச் செய்வாய். தங்கச்சியோடு இருந்த அந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் கேள்வியே எனக்கு விளங்கியிருக்காது. தெரிந்த வேலையைத் தெரியாதவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கடைசியாகக் கேட்டார். "பி.எல்.சி.?"

"தெரியாது சேர்."

"மத்த ஆள் எல்லாம் தெரியும் போட்டிருக்கு."

"எனக்குத் தெரியாது சேர். பழகலாம்."

அவர் வரச் சொல்லிக் கை காட்டினார். ஒரு கொம்பிரசருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், ஒரு வால்வைக் காட்டி, கழற்றச் சொன்னார். நான் கழற்றவில்லை. உள்ளே பிரஷர் இருக்கிறதா என்று முதலில் கேஜைப் பார்த்தேன். இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று கடிதம் வந்தது. பி.எல்.சி. படிக்க ஒரு கிழமை கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்துதான் உங்களுக்கு அந்தக் கலர்ப் பென்சில் பெட்டி வாங்கி வந்தேன். கடிதம் வந்த அன்று அம்மா மேசையைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பாஸ்போட்டை அதே இடத்தில் வைக்கவில்லை. நான் பார்க்காதது போல இருந்தேன். தங்கச்சிக்குச் சொல்லப் போனபோது அவர் இன்னொரு ஆளின் சீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசன் ஒருவர். "எழுதாதேங்கோ அண்ணை, கதையுங்கோ" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஐஸ் பக்டரியில் என் கடைசி நாளில் மற்றவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். அமோனியாவை எடுக்க ஆட்கள் அடுத்த மாதம்தான் வருவார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அது றிசீவர் தாங்கிக்குள்தான் இருக்கும். நான் மெசின் அறையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். நச்சு வாயு. உள்ளே வராதீர். என்னுடைய வடிவான நீல எழுத்து. அடுத்ததாக இந்தக் கதவடியில் வந்து நிற்கப் போகிறவனுக்கு எந்த வாயு என்று அதில் இல்லை. ஸ்டோரில் ஒரு டப்பாவின் அடியில் கொஞ்சம் பெயின்ட் தடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, பழைய துணியை ஒரு குச்சியில் சுற்றி, அந்த வரிக்குக் கீழே அமோனியா என்று தமிழில் ஒரு முறையும், போனில் இருந்த கையேட்டுப் படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு முறையும் எழுதினேன். ஆங்கில எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. காயும் வரைக்கும் நின்றுவிட்டு, சாவியை முதலாளியின் கடிதப் பெட்டிக்குள் போட்டேன்.